சின்னஞ்சிறு கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி

கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளிடமிருந்து முன்னாளில் நீலநிற வான்கடிதம் வந்தது. இன்று கைபேசியில் படம் வருகிறது. திருமணப் படமாகவோ குழந்தையின் திருமுழுக்குப் படமாகவோ இருந்தால் வீடே கூடிப் பார்த்து மகிழ்கிறது. ஆனால் சிலவேளை வருவது அரசாங்கப் படிவம் ஒன்றன் படமாக இருக்கிறது. பொடி எழுத்துகளில் அயல்மொழிச் சொற்கள், அவற்றின் அருகே வரிசையாகச் சிறுசிறு கட்டங்கள், கீழே ஒரு கேள்வி: “இதில் எந்தக் கட்டத்தில் குறி போடுவது? கொஞ்சம் தமிழில் சொல்லுங்கள்.”

இவ்வேண்டுகோள் ஜெர்மனி நாட்டிலிருந்து இப்போது மிகுதியாக வருகிறது. 1960-களில் கேரளத்துக் கத்தோலிக்க இளம்பெண்கள் செவிலியராக அந்நாட்டிற்குச் சென்ற வரலாற்றை நம்மில் பலர் அறிவர். 2022 டிசம்பர் 5 அன்று இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. தமிழகத்துச் செவிலியரும் தொழில்நுட்பம் கற்றோரும் அங்கே செல்கின்றனர். சில காலத்திற்குப்பின் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்கின்றனர். பணிக்குச் சென்றவருக்கு ஜெர்மன் மொழி ஓரளவு தெரியும். பின்னால் சென்ற துணைவருக்குப் பெரும்பாலும் கடைத்தெருப் பேச்சளவே தெரியும். அலுவலக மொழி ஜெர்மனே என்பது அந்நாட்டு நிருவாகச் சட்டத்தின் விதி. ஆகவே அவருடைய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது படிவத்தின் படம் திண்டுக்கல்லுக்கு வந்து சேருகிறது.

அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, படிவத்தை வரிவரியாகப் பார்ப்போம். வத்தலக்குண்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஒருவர். பெயரை அந்தோணிராஜ் என்றும் தந்தை பெயரைச் சவரிமுத்து என்றும் வைத்துக்கொள்வோம். மனைவி ஜெர்மனியில் மருத்துவமனைச் செவிலி. கணவர் அங்கே சென்று இரண்டாண்டுகள் ஆகின்றன. அவருக்குக் கிடைத்த வேலை நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு சரக்குக் கிடங்கில். எனவே வார நாள்களில் அவ்வூரில் வாடகை அறையில் தங்கி, சனி ஞாயிறுகளில் மனைவியிடம் வருகிறார். மனைவிக்கு இரவுப்பணி. அவர் அறிந்த ஜெர்மன் நோயாளியின் படுக்கையருகே பேசுவது. அலுவலக ஜெர்மன் வேறு. ஆகவே கணவர், திண்டுக்கல் நகரில் ஜெர்மன் மொழி பயின்றுவரும் தம் கொழுந்தியாளுக்குப் படிவத்தைப் படமெடுத்து அனுப்புகிறார்.

படத்தை எடுக்கும் முறை

முதலில் வந்த படத்தை வைத்துக்கொண்டு எவராலும் மொழிபெயர்க்க இயலாது. படிவத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிகிறது, இடப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, விளக்கின் ஒளி காகிதத்தில் பட்டு ஒரு வரியை வெண்மையாக்கிவிட்டது. இடப்பக்கம் வெட்டுப்படுவது பெரிய குறை. ஏனெனில் பல படிவங்களில் வரிசை எண்ணும் கட்டமும் அங்கேதான் உள்ளன. ஜெர்மன் மொழியிலோ நீண்ட சொற்களை வரியின் ஓரத்தில் பிளந்து, மீதியை அடுத்த வரியில் அச்சிடுவார்கள். பாதிச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொன்னால் முழுப்பொருளும் மாறிவிடும். அதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பின்னர்க் காண்போம்.

கொழுந்தியாள் சொன்னது இதுதான்: “அத்தான், எழுதாத வெற்றுப் படிவத்தை எடுங்கள். மேசைமேல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில், நான்கு மூலைகளும் தெரிய ஒரு படம். பிறகு அதே பக்கத்தை மேல், நடு, கீழ் என்று மூன்றாகக் கிட்டத்தில் எடுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள்.”

வெற்றுப் படிவம் என்று அவர் வற்புறுத்தியதற்குத் தக்க காரணம் உண்டு. நிரப்பிய படிவத்தில் கடவுச்சீட்டு எண், பிறந்த நாள், முகவரி, சம்பளம் அனைத்தும் இருக்கும். அப்படம் ஒரு கைபேசியிலிருந்து மற்றொன்றுக்கு மாறிமாறிச் செல்வது நல்லதன்று. பொருள் சொல்வதற்கு வெற்றுப் படிவமே போதும்.

முழுப்பக்கப் படம் எதற்கு என்றும் கேட்கலாம். கட்டம் எந்தச் சொல்லுக்கு உரியது என்பதை முழு வரியைப் பார்த்தே அறிய முடியும். ஒரே வரியில் “ஆம்”, “இல்லை” என்னும் இரு சொற்களும் இரு கட்டங்களும் நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கும்போது, நடுவிலுள்ள கட்டம் முன்சொல்லுக்கா பின்சொல்லுக்கா என்ற ஐயம் எழும். வரியின் தொடக்கத்தைப் பார்த்தால் ஐயம் தீரும். வரி கட்டத்தில் தொடங்கினால், ஒவ்வொரு கட்டமும் தனக்கு வலப்பக்கத்துச் சொல்லுக்கு உரியது. வரி சொல்லில் தொடங்கிக் கட்டத்தில் முடிந்தால், கட்டம் தனக்கு இடப்பக்கத்துச் சொல்லுக்கு உரியது. நடுப்பகுதியை மட்டும் படமெடுத்தால் இந்தச் சான்று போய்விடுகிறது.

சரியென்பதற்குப் பெருக்கல் குறி

நம் பள்ளிகளில் ஆசிரியர் சரியான விடைக்கு ஒரு கொக்கிக் குறி போடுவார். தவறான விடைக்குப் பெருக்கல் குறி போடுவார். சிறு வயதிலிருந்தே நம் கண்ணுக்குப் பெருக்கல் குறி என்றால் தவறு, வேண்டாம், இல்லை. ஜெர்மன் படிவத்திலோ முதற்பக்கத்திலேயே “ட்சூட்ரெஃபெண்டெஸ் பிட்டே அன்க்ராய்ட்சன்” என்று அச்சிட்டிருப்பார்கள். பொருந்துவதற்குச் சிலுவைக் குறியிடுக என்பது அதன் பொருள். கிராய்ட்ஸ் என்றால் சிலுவை. அங்கே கட்டத்துள் பெருக்கல் குறி இட்டால், “இதுவே எனக்குப் பொருந்துவது” என்று பொருள்.

இதை அறியாதவர் இருவகையில் இடறுவர். ஒருவகை, தமக்குப் பொருந்தாத கட்டங்களிலெல்லாம் பெருக்கல் குறியிட்டு, பொருந்துவதை வெறுமையாக விடுவது. அவ்வாறு செய்தால் ஒருவர் மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்தவர் ஆகிய மூன்றுமாக ஒரே நேரத்தில் ஆகிவிடுவார்! மற்றொரு வகை, முன்பு நிரப்பிய பழைய படிவத்தின் நகலைப் பார்த்து, குறியிட்ட கட்டங்களை “நீக்கப்பட்டவை” என்று எண்ணிக்கொள்வது.

இன்னொரு குறிப்பும் சில படிவங்களில் வரும். “நிஷ்ட்-ட்சூட்ரெஃபெண்டெஸ் ஷ்ட்ரைஷன்” என்பது அது. பொருந்தாததை அடித்துவிடுக என்பது பொருள். அங்கே செயல் தலைகீழ்: வேண்டாத சொல்லின்மேல் கோடிழுக்க வேண்டும்; வேண்டியதை அப்படியே விட வேண்டும். ஒரே படிவத்தில் ஒரு பகுதி குறியிடுவதாகவும் மற்றொரு பகுதி அடிப்பதாகவும் இருக்கலாம். ஆகவே மொழிபெயர்ப்பவர் கட்டங்களுக்குப் பொருள் சொல்லுமுன், அப்பகுதியின் தலைப்பிலுள்ள கட்டளையை முதலில் மொழிபெயர்க்க வேண்டும்.

முன்பெயர் என்னும் மயக்கம்

படிவத்தின் முதற்கேள்வி பெயர். அங்கேயே ஒரு மயக்கம் உண்டு. ஒரு வரிக்கு “ஃபமீலியன்நாமெ” என்றும் அடுத்த வரிக்கு “ஃபோர்நாமெ” என்றும் பெயர். ஃபோர் என்றால் முன், நாமெ என்றால் பெயர். அகராதியைப் பிரித்துப் பார்ப்பவர் “முன்பெயர்” என்று எழுதியனுப்புவார். நம்மவருக்கு முன்னால் வருவது எது? எஸ். அந்தோணிராஜ் என்று எழுதுகிறோம். முன்னால் நிற்பது தந்தையின் தலையெழுத்து. எனவே முன்பெயர் என்னும் இடத்தில் சவரிமுத்து என்றும், குடும்பப்பெயர் என்னும் இடத்தில் அந்தோணிராஜ் என்றும் எழுதத் தோன்றும். அது தலைகீழானது. ஃபோர்நாமெ என்பது ஒருவருக்கு இடப்பட்ட சொந்தப் பெயர், நாம் திருமுழுக்கில் பெறும் பெயர் போல. எனவே மொழிபெயர்ப்பு “சொந்தப் பெயர்” என்றே இருக்க வேண்டும்.

ஐயமறத் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. புதுப்பிப்பவரிடம் பழைய அனுமதி அட்டை இருக்கும். 2011 செப்டம்பர் முதல் இவ்வனுமதி மின்னணு அட்டையாகவே தரப்படுகிறது. அவ்வட்டையிலும் கடவுச்சீட்டிலும் எந்த வரியில் எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டலில் உள்ளதோ அதையே படிவத்திலும் எழுத வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் வரி வெறுமையாக உள்ளவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களும் தாமாக ஒரு பெயரைப் படைத்து எழுதாமல், பழைய அட்டையில் உள்ளபடியே எழுதுவது நலம்.

அதன் கீழே “கெபூர்ட்ஸ்நாமெ” என்று ஒரு வரி. பிறப்புப்பெயர் என்பது சொல்லுக்குச் சொல். பெயரையே மறுபடியும் கேட்கிறார்களோ என்று திகைக்க வேண்டியதில்லை. திருமணத்தால் குடும்பப்பெயர் மாறியவர், மாறுவதற்குமுன் இருந்த குடும்பப்பெயரை எழுதும் இடம் அது. பெயர் மாறாதவருக்கு அங்கே எழுதப் புதிதாக ஒன்றுமில்லை.

பிறந்த ஊரிலும் நம் மாவட்டத்தார்க்கு ஒரு நுட்பம் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பரில். அதற்குமுன் பிறந்தவரின் பிறப்புச் சான்றில் மதுரை மாவட்டம் என்றிருக்கும். இன்றைய நிலையை நினைந்து அதைத் திருத்தி எழுத வேண்டாம். கடவுச்சீட்டில் பிறப்பிடம் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே எழுதினால் போதும்.

பிரிந்து வாழ்பவரா?

இனி வருவதே இப்படிவத்தின் இதயம். “ஃபமீலியன்ஷ்டண்ட்”, அதாவது மணநிலை. அதன் எதிரே ஐந்து கட்டங்கள். லேடிஷ் என்றால் இதுவரை மணமாகாதவர். ஃபெர்ஹைராட்டெட் என்றால் மணமானவர். கெஷீடன் என்றால் நீதிமன்றத்தில் மணமுறிவு பெற்றவர். ஃபெர்விட்வெட் என்றால் துணையை இழந்தவர். ஐந்தாவது “கெட்ரென்ட் லேபெண்ட்”. கெட்ரென்ட் என்றால் பிரிந்து, லேபெண்ட் என்றால் வாழ்கிற. பிரிந்து வாழ்பவர்!

நம் அந்தோணிராஜ் வார நாள்களில் வேறு ஊரில் வாழ்கிறார். உண்மையை மறைக்கக்கூடாது என்னும் நல்லெண்ணமும் அவருக்கு உண்டு. “நான் பிரிந்துதானே இருக்கிறேன், பொய் எழுதக்கூடாதல்லவா? அந்தக் கட்டத்தில் குறியிடுகிறேன்” என்று கொழுந்தியாளுக்குச் செய்தி அனுப்பினார்.

“வேண்டாம் அத்தான்! அக்காவோடு உங்களுக்கு மனக்கசப்பு என்றல்லவா அதற்கு அர்த்தம்! இரண்டு நாள் பொறுங்கள். எங்கள் ஆசிரியையிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றார் அவர்.

அவர் பதறியது முற்றிலும் சரி. ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 1567-ஆம் பிரிவு இச்சொல்லுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது. கணவன் மனைவியரிடையே இல்லற ஒருமை இல்லாமல் போய், இருவரில் ஒருவராவது இல்வாழ்வை மறுத்து அதை மீண்டும் தொடர விரும்பவில்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தால், அதுவே பிரிந்து வாழ்தல். ஒரே கூரையின்கீழ்க்கூட இவ்வாறு பிரிந்து வாழலாம் என்று அச்சட்டம் சொல்கிறது. ஆகவே இங்கே அளவுகோல் மனத்தின் தொலைவு; நூறு கிலோமீட்டர் சாலை அன்று. சில படிவங்களில் “டௌவெர்ண்ட்”, அதாவது நிலையாக, என்னும் சொல்லை முன்னே சேர்த்திருப்பார்கள். சேர்க்காவிட்டாலும் கருத்து அதுவே.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. அந்நாட்டில் இருக்கும் வீட்டை ஊராட்சி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இரு வீடு உள்ளவருக்கு ஒன்று முதன்மை இல்லம், மற்றது துணை இல்லம். குடும்பத்திலிருந்து நிலையாகப் பிரிந்து வாழாத மணமானவருக்கு, குடும்பம் பெரும்பாலும் பயன்படுத்தும் வீடே முதன்மை இல்லம் என்று பதிவுச் சட்டம் கூறுகிறது. வேலைக்காக வேறு ஊரில் அறை எடுத்திருப்பவரையும் சட்டம் பிரிந்து வாழ்பவராகக் கருதவில்லை என்பது இதனால் விளங்குகிறது. எனவே அந்தோணிராஜ் குறியிட வேண்டிய கட்டம் “மணமானவர்”. வார நாள் அறையை மறைக்கவும் தேவையில்லை. முகவரிப் பகுதியில் “துணை இல்லம்” என்னும் வரியில் அதை எழுதிவிடலாம். உண்மையும் நிற்கிறது, பொருளும் பிழைக்கவில்லை.

இச்சிறு கட்டத்தில் என்ன ஆபத்து? அவருடைய அனுமதி தனித்து நிற்பதன்று. மனைவியோடு இல்லறம் நடத்துவதற்காகத் தரப்பட்டது. இல்லறம் நீடிக்கும்வரை அது புதுப்பிக்கப்படும். ஜெர்மனியில் இல்லறம் குறைந்தது மூன்றாண்டுகள் நீடித்தபின் முறிந்தால், துணைவர் தமக்கெனத் தனி உரிமை கோர இடமுண்டு. அந்தோணிராஜுக்கோ இரண்டாண்டுகளே ஆகின்றன. பிரிந்து வாழ்வதாக அவரே குறியிட்டுக் கையொப்பமிட்டால், அனுமதிக்கு அடிப்படை போய்விட்டதோ என்று அதிகாரி ஆராயத் தொடங்குவார். இத்துடன் பல அலுவலகங்கள், இல்லறம் நீடிக்கிறது என்று கணவனும் மனைவியும் சேர்ந்து கையொப்பமிடும் ஓர் அறிக்கையையும் கேட்கின்றன. ஒரு தாளில் சேர்ந்து வாழ்கிறோம் என்பார். மற்றொரு தாளில் பிரிந்து வாழ்கிறேன் என்பார். முரண்பட்ட இரு தாள்களில் எதை நம்புவது என்னும் கேள்வி எழும். மொழிபெயர்ப்பில் நேர்ந்த ஒரு சொல்லே இதற்கு வித்தாகும்.

ஆகவே இவ்விடத்தில் “பிரிந்து வாழ்பவர்” என்று இரு சொற்களில் நிறுத்தாமல், “மணவாழ்வு முறிந்து, மணமுறிவு பெறாமல் பிரிந்து வாழ்பவர், வேலைக்காக வேறூரில் தங்குபவர் அல்லர்” என்று விரித்து எழுதுவதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

குளிர்ந்த வாடகை, வெப்ப வாடகை

அடுத்த பக்கத்தில் வீட்டைப் பற்றிய கேள்விகள். “கால்ட்மீட்டெ” என்று ஒரு வரி, “வார்ம்மீட்டெ” என்று மற்றொரு வரி. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குளிர்ந்த வாடகை, வெப்ப வாடகை. படித்தவர் குளிர்கால வாடகை, கோடைக்கால வாடகை என்றுகூட எண்ணிக்கொள்வார். உண்மை வேறு. வீட்டிற்கு மட்டும் தரும் வாடகை முதலாவது. வீட்டைச் சூடாக்கும் செலவும் தண்ணீர், குப்பை, பொதுப்படிக்கட்டுத் தூய்மை முதலிய துணைச்செலவுகளும் சேர்ந்தது இரண்டாவது. எனவே இரண்டாவது தொகையே பெரியதாக இருக்கும். எழுதியபின் அது சிறியதாக இருந்தால், இரண்டும் இடம் மாறிவிட்டன என்று உடனே அறிந்துகொள்ளலாம்.

இத்தொகைகள் வீண் கேள்வி அல்ல. பொதுவாகக் குடும்பத்தின் வருவாய், வாடகையையும் வாழ்க்கைச் செலவையும் தாங்குமா என்று அலுவலகம் கணக்கிடுகிறது. வருவாய்ப் பகுதியிலும் “புருட்டோ”, “நெட்டோ” என இரண்டு இருக்கும். முன்னது பிடித்தம் போகுமுன் உள்ள முழுச்சம்பளம். பின்னது கைக்கு வருவது. எண்ணை எழுதும் முறையிலும் வேறுபாடு உண்டு. நாம் காற்புள்ளி இடும் இடத்தில் அவர்கள் புள்ளி இடுவார்கள். நாம் புள்ளி இடும் இடத்தில் காற்புள்ளி. ஈராயிரத்து நூறு யூரோ என்பதை 2.100,00 என்று எழுதுவார்கள். சம்பளச்சீட்டின் படத்தைப் பார்த்து இதை இரண்டு யூரோ என்று படித்துவிடக்கூடாது.

அடையாள அட்டையும் நாடு கடத்தலும்

பாதிச் சொல்லைப் பார்த்துப் பொருள் சொல்வதன் ஆபத்துக்கு எடுத்துக்காட்டுத் தருவதாகச் சொன்னோமல்லவா? இதோ அது. “அவுஸ்வைஸ்” என்பது அடையாள அட்டை. கிடங்கு வாசலிலும் நூலகத்திலும் நாள்தோறும் காதில் விழும் சொல். படிவத்தின் இறுதிப் பகுதியில் “அவுஸ்வைஸுங்” என்று ஒரு சொல் வரும். கடைசியில் ஒரு சிறு ஒலி மட்டுமே மிகுதி. அதன் பொருள் நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணை! சொல் வரியின் ஓரத்தில் பிளந்து, முதற்பாதி மட்டும் படத்தில் விழுந்தால், “உங்களிடம் அடையாள அட்டை உண்டா?” என்று கேட்பதாகத் தோன்றும். உண்டு என்று குறியிட்டவர், தாம் முன்பு நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதாக ஒப்புக்கொண்டவராவார்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அக்கேள்வியின் அயலில் நிற்பவற்றைப் பார்ப்பதுதான். கடவுச்சீட்டைப் பற்றிய கேள்விகள் முதற்பக்கத்தில் பெயருக்கு அருகே இருக்கும். வெளியேற்றம், தண்டனை, நடைபெறும் வழக்கு ஆகியவை பெரும்பாலும் கையொப்பத்திற்கு முன்னால் ஒரே தொகுதியாக நிற்கும். அத்தொகுதியில் “அடையாள அட்டை உண்டா” என்று ஒரு கேள்வி வந்தால், மொழிபெயர்ப்பே பிழை என்று கொள்க. படத்தை மறுபடியும் எடுக்கச் சொல்க.

கையொப்பத்தின் மேலே சிறு எழுத்தில் ஓர் உறுதிமொழி இருக்கும். அதையும் முழுமையாகத் தமிழில் சொல்ல வேண்டும். அனுமதி பெறுவதற்காக உண்மையல்லாத அல்லது முழுமையற்ற விவரம் தருவோருக்கு மூன்றாண்டுவரை சிறையோ அபராதமோ விதிக்க வதிவிடச் சட்டத்தில் இடம் உண்டு. அறியாமல் இட்ட குறியும் இவ்வுறுதிமொழியின்கீழ் வருவதால், பிழையைக் கண்டால் மூடிவைக்கலாகாது. படிவம் கையில் இருந்தால், கிறுக்கித் திருத்தாமல் அப்பக்கத்தைப் புதிதாக எழுத வேண்டும். கொடுத்துவிட்டிருந்தால், முடிவு வருமுன்னரே எழுத்து மூலம் அலுவலகத்திற்குத் தெரிவித்து, அக்கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

பொருள் சொல்வதும் விடை சொல்வதும்

கொழுந்தியாள் கையாண்ட முறையைக் குறிப்பிட வேண்டும். படத்தின்மேல் தமிழ்ச் சொற்களை எழுதி அனுப்பவில்லை. ஒரு தாளில் வரிசை எண், அச்சிலுள்ள ஜெர்மன் சொல் எழுத்துப் பிசகாமல், அதன் தமிழ்ப் பொருள், அதற்குக் காட்ட வேண்டிய சான்று என நான்கு பத்திகள் வரைந்தார். விடையை அவர் எழுதவில்லை. அந்தோணிராஜ் ஒவ்வோர் எண்ணுக்கும் தம் விடையைத் தமிழில் சொல்ல, அது கேள்விக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் அவர் பார்த்தார். மூன்று இடங்களில் அவருக்கே ஐயம். அவற்றை ஊகிக்காமல் சிவப்பு மையால் வட்டமிட்டார். சனிக்கிழமை மனைவியோடு சேர்ந்து அவற்றைத் தீர்த்துக்கொள்ளும்படி எழுதினார். அவர்களாலும் தீராதவற்றைக் கேட்க, அந்நாட்டில் காரித்தாஸ் முதலிய அமைப்புகள் நடத்தும் குடிபெயர்ந்தோர் ஆலோசனை நிலையங்கள் உள்ளன. அங்கே கட்டணம் இல்லை.

இவ்வளவு செய்யவும் நாள் வேண்டும். பழைய அனுமதியின் காலம் முடியுமுன் விண்ணப்பம் அலுவலகத்தைச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதியே நீடிப்பதாகச் சட்டம் கொள்கிறது. ஒரு நாள் பிந்தினாலும் இப்பாதுகாப்பு தானாக வராது. அதிகாரி மனமிரங்கி ஆணையிட வேண்டும். எனவே படம் திண்டுக்கல்லுக்கு வர வேண்டியது கடைசி வாரத்தில் அன்று, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்.

விண்ணப்பித்தவருக்கு இடைக்காலத்தில் ஒரு சான்றுத்தாள் தரப்படுவதுண்டு. அதிலும் மூன்று கட்டங்கள் உண்டு! இம்முறை குறியிடுபவர் அதிகாரி. முதற்கட்டத்தில் குறி இருந்தால், அவர் தங்குவது அனுமதிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். இரண்டாவதில் இருந்தால், அவரை வெளியேற்றுவது நிறுத்திவைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மூன்றாவதில் இருந்தால், பழைய அனுமதி தொடர்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு ஊருக்கு வர எண்ணுபவர் இதை உற்றுப்பார்க்க வேண்டும். மூன்றாம் கட்டத்தில் குறி உள்ளவரே அத்தாளையும் பழைய அட்டையையும் கடவுச்சீட்டையும் காட்டித் திரும்ப நுழையலாம். மற்ற இரு கட்டங்களில் குறியுள்ளவர் ஜெர்மனியை விட்டு வெளியேறினால், அந்தத் தாளைக் கொண்டு திரும்ப நுழைய இயலாது. விமானச்சீட்டு வாங்குமுன் அத்தாளையும் படமெடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. குறியுள்ள கட்டம் எது என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அந்தோணிராஜ் கட்ட வேண்டிய புதுப்பிப்புக் கட்டணம் 93 யூரோ. மணநிலை வரியில் அவர் இட்ட குறி இரண்டாவது கட்டத்தில், “மணமானவர்” என்னும் சொல்லின் எதிரே இருக்கிறது. நம் பள்ளிக் கண்ணுக்குத் தவறு என்று தோன்றும் பெருக்கல் குறிதான் அது. அந்த அலுவலகத்திலோ அது, “இவர் தம் மனைவியோடு இல்லறம் நடத்துகிறார்” என்று படிக்கப்படும்.